பாதி கார்டு, பாதி அஞ்சாம் தேதி: ஒரு வாட்ஸப் பதிலில் நான் இழந்த 5,403 ரூபாய்

ஈரோட்டில் சின்னதாக ஒரு மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். பின்கட்டில் பட்டறை, மூன்று ஆசாரிகள், முன்னால் ஷோரூம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ஹால். விலை சொல்வது, பில் போடுவது, வாட்ஸப்பில் பதில் எழுதுவது எல்லாம் நான் ஒருத்தன்தான். அதில் கடைசி வேலையை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் தட்டிவிடுவேன். அப்படித் தட்டிய ஒரு பதில் எப்படியெல்லாம் சுற்றி வந்து கடித்தது, அதற்கப்புறம் அதை எத்தனை தடவை மாற்றி எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2023 அக்டோபர் 25, ஆயுத பூஜை முடிந்த வாரம். ஒரு குடும்பம் வந்து தேக்குக் கட்டில் ஒன்று 46,000, பீரோ ஒன்று 28,000, மெத்தை ஒன்று 14,000 எனப் பார்த்துவைத்துவிட்டுப் போனது. மொத்தம் 88,000, வரியெல்லாம் சேர்த்து. டெலிவரி அன்றைக்கே முழுப் பணமும் அக்கவுண்டில் போட்டுவிட்டால் 85,000-க்குத் தருகிறேன் என்று வாயால் சொல்லியிருந்தேன். கையில் காசு உடனே வருகிறது, தீபாவளிக்கு ஆசாரிகளுக்கு போனஸ் கொடுக்கவேண்டும், அதற்காகத்தான் அந்த 3,000 தள்ளுபடி.

ராத்திரி பத்து மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ். “அண்ணா, பாதி கார்டுல போட்டுடறேன், பாதி 5ம் தேதி ஜிபே பண்ணட்டுங்களா? தீபாவளி செலவு இருக்குங்ண்ணா.” நல்ல மனிதர், பக்கத்து ஊரில் மில்லில் சூப்பர்வைசர். நான் எழுதிய பதில் இதுதான், இன்னும் போனில் இருக்கிறது: “சரிங்க, பாத்துக்கலாம். பாதி பாதியா குடுங்க. திங்கக்கிழமை டெலிவரி அனுப்பிடறேன்.”

இந்த மூன்று வாக்கியத்தை இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எதில் பாதி? 88,000-இல் பாதியா, 85,000-இல் பாதியா? எந்த மாதத்து 5-ஆம் தேதி? மீதிப் பணம் வருவதற்கு முன்னாலேயே மூன்று சாமானும் போய்விடுமா? அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருந்தன. கார்டிலும் ஜிபேயிலும் பிரித்துக் கொடுக்கட்டுமா என்பது ஒன்று, பாதியை அப்புறம் கொடுக்கட்டுமா என்பது இன்னொன்று. முதலாவது பணம் எந்த வழியில் வருகிறது என்பது மட்டும்தான். இரண்டாவது கடன். நான் இரண்டுக்கும் சேர்த்து ஒரே “சரிங்க” போட்டேன்.

28-ஆம் தேதி சனிக்கிழமை வந்து கிரெடிட் கார்டைத் தேய்த்தார். மெஷினில் எவ்வளவு அடிக்கணும் என்று பையன் கேட்டான், அவரே “நாப்பத்திரெண்டாயிரத்து ஐநூறு தம்பி” என்றார். 85,000-இல் பாதி. அந்த நேரத்தில் “தள்ளுபடி முழுசா உடனே கொடுத்தாத்தானுங்க” என்று சொல்ல வாய் வரவில்லை. பண்டிகைக் கூட்டம், பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். சொல்லவேண்டிய இடம் ராத்திரி பத்து மணி மெசேஜ்தான், கல்லாப்பெட்டி முன்னால் அல்ல. என் மெஷினுக்கு கிரெடிட் கார்டு கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 2.36. 42,500-க்கு 1,003 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் வங்கி எனக்குப் போட்டது. அதை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்கக் கூடாது என்று மெஷின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆக உடனடிப் பணத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடியையும் கொடுத்தேன், கார்டுக் கட்டணத்தையும் ஏற்றேன், பாதிப் பணத்துக்குக் கடனும் சொன்னேன். மூன்றும் ஒரே பில்லில்.

30-ஆம் தேதி திங்கட்கிழமை வண்டி போனது. சாமான் வெளியே போகும்போது பில் போட்டாக வேண்டும், 85,000-க்குப் போட்டேன். இங்கே புதிதாகக் கடை வைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். பில் தேதி எந்த மாதமோ அந்த மாதக் கணக்கில் ஜிஎஸ்டி வந்துவிடும். வாடிக்கையாளர் பாதிதான் கொடுத்தார் என்றால் பாதி வரி என்று கிடையாது. 85,000-க்குள் இருந்த வரி மட்டும் 12,966 ரூபாய். நான் மாதாமாதம் கணக்குப் போடுகிறவன். மரமும் பிளைவுட்டும் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை நவம்பர் 20-க்குள் கட்டினேன். வராத பணத்துக்கும் சேர்த்து.

நவம்பர் 5 வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. சரி, திங்கள் வரும் என்று விட்டேன். திங்கள் வந்தது பணம் இல்லை, மெத்தைதான். “அண்ணா, மெத்த ரொம்பக் கெட்டியா இருக்குதுங்க, அம்மாவுக்கு இடுப்பு வலிக்குது, எடுத்துக்குங்க” என்று போன். உறைகூடப் பிரிக்காமல் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்றேன், போக வர வண்டி வாடகை 600 என் கையிலிருந்து. அப்படியே மெதுவாக, “மீதி நேத்துப் போடறேன்னு சொல்லியிருந்தீங்களே” என்றேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. “இல்லீங்ண்ணா, தீபாவளி செலவு இருக்குன்னு சொல்லித்தானுங்களே கேட்டேன். அப்புறம் இந்த அஞ்சாந் தேதி எப்படீங்க தருவேன்? டிசம்பர் அஞ்சுங்க.”

மெசேஜை எடுத்துத் திரும்பப் படித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. தீபாவளி நவம்பர் 12. செலவு இருக்கிறது என்று சொல்கிறவர் செலவுக்கு ஒரு வாரம் முன்னால் பணம் தருவேன் என்று சொல்லியிருக்க மாட்டார். நான் எனக்குத் தேவையான 5-ஐப் படித்தேன், அவர் அவருக்குத் தேவையான 5-ஐ எழுதினார். ஏமாற்றுக்காரர் என்று திட்டக்கூட வழியில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த கோபம் பூராவும் என்மேல்தான். 8-ஆம் தேதி தெரிந்தவர் ஒருவரிடம் ரெண்டு வட்டிக்கு 40,000 வாங்கி ஆசாரிகளுக்கு போனஸ் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு 800 வட்டி. மனைவியிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அடுத்து மெத்தைக் கணக்கு. அதற்கு நான் எவ்வளவு கழிக்கவேண்டும்? அவர் சொன்னது 14,000, விலைச்சீட்டில் அதுதானே போட்டிருந்தது. நான் சொன்னது 13,523. ஏனென்றால் 88,000-க்கு 3,000 தள்ளுபடி என்றால் மெத்தையின் பங்கும் அதே விகிதத்தில் குறையவேண்டும். 14,000-ஐ 85-ஆல் பெருக்கி 88-ஆல் வகுத்தால் அதுதான் வரும். கணக்கு சரி. ஆனால் பில்லில் நான் மூன்று சாமானையும் முழு விலையில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே வரியில் “தள்ளுபடி 3,000” என்று கழித்திருந்தேன். பில்லைக் காட்டி அவர், “மெத்தைக்கு நேரா பதினாலுன்னுதானுங்களே போட்டிருக்கீங்க” என்கிறபோது என் விகிதக் கணக்கை யார் கேட்பார்கள்? இப்போதெல்லாம் தள்ளுபடி கொடுத்தால் ஒவ்வொரு சாமானுக்கு நேராகவும் குறைத்த விலையைத்தான் எழுதுகிறேன். பணம் இரண்டு தவணையில் வரும்போது நடுவில் ஒரு சாமான் திரும்பி வந்தால் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும்.

டிசம்பர் 5 செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, 28,500. அவர் கணக்குப்படி 42,500-இல் 14,000 போக மீதி. 477 குறைகிறது என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் வந்ததே பெரிது என்று, “வந்துடுச்சுங்க, ரொம்ப நன்றி” என்று அடித்தேன். ஸ்பீக்கர் பெட்டி கத்தியதா என்று யோசிக்கவில்லை. பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தால் அது கத்தினாலும் கேட்காது. 8-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வட்டிக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அக்கவுண்டைப் பார்த்தால் அந்த 28,500 இல்லை. ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் Processing என்று இருந்தது. பச்சை டிக் இல்லை, மஞ்சள் வட்டம்.

அவருக்குப் போன் செய்தால், “அண்ணா, நீங்கதானுங்க வந்துடுச்சுன்னு மெசேஜ் போட்டீங்க” என்றார். போட்டேன்தான். என் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் மட்டும் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னை எந்தப் பஞ்சாயத்திலும் வாயடைத்திருக்கலாம். கொஞ்சம் பொறுமையாக, “உங்க பேங்க் ஸ்டேட்மெண்டுல 5-ஆம் தேதி கழிஞ்சதுக்குக் கீழே அதே தொகை திரும்ப வரவா இருக்கான்னு பாருங்க” என்றேன். பார்த்தார். அன்று சாயங்காலமே திரும்பி வந்திருந்தது, அவரும் கவனிக்கவில்லை. உடனே மறுபடி அனுப்பினார். கடை க்யூஆருக்குப் போகும் பணம் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு வங்கி தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. அதனால் பணம் காணாமல் போவதில்லை. “வந்துடுச்சு” என்று நான் எழுதியதுதான் ஆபத்து.

மொத்தம் கூட்டினேன். உடனடிப் பணம் வராமலே கொடுத்த தள்ளுபடி 3,000 (அந்த 477 இதற்குள்ளேயே அடங்கிவிட்டது), கார்டுக் கட்டணம் 1,003, வட்டி 800, மெத்தை வண்டி வாடகை 600. ஆக 5,403 ரூபாய். இந்த ஆர்டரில் எனக்கு நிற்கவேண்டிய லாபத்தில் பாதிக்கு மேல். வண்டி வாடகை எப்படியும் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் மற்ற மூன்றும் அந்த ஒரு மெசேஜோடு போனவை.

சூடுபட்ட பூனையாக அடுத்து நான் செய்தது இன்னொரு தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்பது நிபந்தனை கொண்ட ஒரு பதிலைத் தயார்செய்து போனில் சேமித்துவைத்தேன். “பகுதித் தொகை செலுத்தும் வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு” என்று ஆரம்பிக்கும். தாமதமானால் வட்டி, பணம் முழுதாக வரும்வரை பொருள் கடைக்கே சொந்தம், தவறினால் சட்ட நடவடிக்கை, இப்படி. கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். எழுதி முடித்தபோது பெரிய பாதுகாப்பு வந்துவிட்டது போல ஒரு திருப்தி.

அதை முதலில் வாங்கியது ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா. 52,000-க்கு சோபா. “தம்பி, 30,000 சென்னையில இருக்கற என் பையன் ஜிபேல அனுப்புவான், 22,000 நான் கையில தர்றேன், பரவால்லியா?” என்று கேட்டிருந்தார். பிரித்துக் கொடுப்பது என்றதும் நான் அந்த ஒன்பதையும் தூக்கி அனுப்பிவிட்டேன். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “தம்பி, நான் கடன் கேக்கலையே.” அவ்வளவுதான். சோபாவை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்.

அந்த நாலு வார்த்தைதான் எனக்குப் புத்தி சொன்னது. அவர் கேட்டது வழியைப் பிரிப்பது, நாளைப் பிரிப்பது அல்ல. இரண்டு பேரிடமிருந்து, இரண்டு வழியில், ஒரே நாளில், முழுப் பணம். அதில் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. முதல் ஆளிடம் கடனை வெறும் வழி மாதிரி நினைத்து “சரிங்க” என்றேன். இந்த அம்மாவிடம் வெறும் வழியைக் கடன் மாதிரி நினைத்து நோட்டீஸ் அனுப்பினேன். தப்பு இரண்டிலும் ஒன்றேதான்.

அதனால் இப்போது யாராவது பிரித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டால் பதில் எழுதும் முன்னால் ஒன்றே ஒன்று பார்க்கிறேன். சாமான் என் கடையை விட்டுப் போகும் நேரத்தில் முழுப் பணமும் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது வழிப் பிரிப்பு, மூன்று வரி போதும். வந்திருக்காது என்றால் அது கடன், கொஞ்சம் உட்கார்ந்து எழுதவேண்டும்.

அந்த அம்மாவுக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான். இப்போது இதே மாதிரிதான் அனுப்புகிறேன்: “தாராளமா கொடுங்கம்மா. மொத்தம் 52,000. அதுல 30,000 உங்க பையன் இந்த க்யூஆர்ல போடட்டும், 22,000 நீங்க டெலிவரி அன்னைக்கு வண்டியில வர்ற நம்ம பையன்கிட்ட கொடுத்துடுங்க. உங்க பையன் பேர் பேங்க்ல எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, கணக்குல பாத்து எடுத்துக்கறேன். பில் உங்க பேர்லயே போட்டுடறேன்.” பெயர் கேட்பதற்குக் காரணம் உண்டு. பண்டிகை நாளில் க்யூஆரில் முப்பது பேர் போடுவார்கள். அம்மா பெயர் ஒன்று, மகன் பெயர் வங்கியில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி. 30,000 யாருடையது என்று தேடி ஒரு ராத்திரி முழித்திருக்கிறேன். இரண்டு தொகையையும் எண்ணாகவே எழுதுவதும் முக்கியம். “பாதி”, “மீதி”, “கொஞ்சம்” என்ற மூன்று வார்த்தைகளையும் பணம் பற்றிய மெசேஜிலிருந்து அடியோடு எடுத்துவிட்டேன்.

கார்டு நடுவில் வந்தால் ஒரு வரி கூடுதலாகச் சேரும். கார்டுக்குத் தனியாக ஏற்றிக் கேட்க முடியாது, ஆனால் தள்ளுபடி யாருக்கு என்று சொல்வது என் உரிமை. “விலை 88,000. முழுத் தொகையும் டெலிவரி அன்னைக்கே ஜிபே இல்லாட்டி அக்கவுண்ட்ல வந்தா 85,000” என்று முதலிலேயே எழுதிவிட்டால், கார்டில் போடுகிறவர் தானாகவே எது லாபம் என்று பார்த்துக்கொள்வார். பல பேர் அதைப் படித்துவிட்டுக் கார்டை உள்ளே வைத்துவிடுகிறார்கள். கார்டிலேயே போடுகிறவரும் எனக்கு நஷ்டமில்லாமல் போடுகிறார்.

கடன் வகைதான் நிறைய யோசிக்க வைத்தது. அந்த மில் சூப்பர்வைசருக்கு அன்றைக்கு என்ன எழுதியிருக்கலாம் என்று பல தடவை எழுதிப் பார்த்தேன். முதலில் தேதியை மட்டும் திருத்தினேன், “நவம்பர் 5-க்குள்” என்று. அப்போது அவர் முடியாது என்றிருப்பார், பேச்சு அன்றைக்கே வெளிப்படையாக நடந்திருக்கும். ஆனால் டிசம்பர் 5-க்கு நான் ஒப்புக்கொண்டிருந்தால் என் வட்டியும் வரியும் அப்படியேதான் இருந்திருக்கும். அப்புறம்தான் ஒரு வழி தோன்றியது. பணத்தைப் பிரிக்கும்போது சாமானையும் பிரித்துவிட்டால் என்ன? அவருக்குத் தீபாவளிக்கு அவசரம் கட்டில்தான். பீரோ ஒரு மாதம் கழித்து வந்தால் வீடு ஒன்றும் நின்றுவிடாது.

கடைசியாக வந்து நின்ற வடிவம் இது: “சரிங்க, ரெண்டு தடவையா கொடுத்துக்கலாம். விலை 88,000. இப்ப கட்டில், மெத்த ரெண்டும் 60,000. அதைக் கார்டுலயோ ஜிபேலயோ போட்டதும் திங்கள் அக்டோபர் 30 அனுப்பிடறேன். பீரோ 28,000, உங்க பேருக்கு எடுத்து வெச்சுடறேன், டிசம்பர் 5 செவ்வாய்க்கிழமை பணம் வந்ததும் மறுநாள் வண்டி ஏத்திடறேன். விலை ஏறினாலும் உங்களுக்கு இதே விலைதான். தேதி சரியா வருமான்னு சொல்லுங்க.” இதில் அவருக்கு நான் இல்லை என்று சொல்லவே இல்லை. ஆனால் எங்கேயும் கடனும் இல்லை. போன சாமானுக்குப் பணம் வந்துவிட்டது, வராத பணத்துக்குச் சாமான் போகவில்லை. இரண்டு டெலிவரி என்பதால் இரண்டு பில், வரியும் அந்தந்த மாதத்தில்தான் விழும். பீரோவுக்கு அவர் முன்கூட்டியே 5,000 அட்வான்ஸ் கொடுத்தாலும், சாமான்களைப் பொறுத்தவரை அட்வான்ஸ் வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டவேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். 2017 நவம்பரிலிருந்து அப்படித்தான். இது சாமான் விற்பவர்களுக்கு மட்டும். ரிப்பேர், பெயின்டிங் மாதிரி வேலைக்கு அட்வான்ஸ் வாங்குகிறவர்களுக்கு அட்வான்ஸிலேயே வரி வந்துவிடும், அவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

சாமானைப் பிரிக்கவே முடியாத இடமும் உண்டு. ஒரே ஒரு கட்டிலைப் பாதி அனுப்ப முடியாது. அப்போது தெரிந்தவராக இருந்தால் மட்டும் கடன், அதுவும் மரத்துக்கும் ஆசாரி கூலிக்கும் கையிலிருந்து போன காசாவது முதல் தவணையில் வந்துவிடவேண்டும். எனக்கு அது பில்லில் எழுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். ஆகவே பாதி என்று கேட்டால் “46,000-க்கு 33,000 இப்ப, 13,000 அப்புறம்” என்று எண்ணில் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் மறுப்பதில்லை. மறுக்கிறவரை அவசரப்படுத்துவதும் இல்லை.

2024 பிப்ரவரியில் வந்தது வேறு ஒரு ரகம். மகள் கல்யாணத்துக்குச் சீர் சாமான் வாங்க வந்த மஞ்சள் விவசாயி ஒருவர். கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள், சோபா என 2,40,000. “ஒண்ணரை லட்சம் இன்னைக்கு ரொக்கம், தொண்ணூறு மஞ்சள் போட்டதும் ரொக்கம், சரிதானுங்க?” என்றார். சாமானும் இரண்டாவது பணம் கொடுத்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். என் பரீட்சைப்படி இது கடனே இல்லை, சாமான் போகும்போது முழுப் பணமும் வந்திருக்கும். “சந்தோஷமுங்க” என்று அடித்து அனுப்பப் போனேன். ரொக்கம் என்ற வார்த்தை உறுத்தியதால் ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டேன். நல்லவேளை.

ஒருவரிடமிருந்து ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது ஒரு நாளைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கணக்கு மட்டுமல்ல, ஒரே வியாபாரம் என்றாலும், ஒரே விசேஷத்துக்கானது என்றாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். நாளைப் பிரித்தாலும் பில் ஒன்றுதான். “அப்ப ரெண்டு பில்லாப் போட்டுடுங்க” என்றார் பெரியவர். இரண்டு பில் போட்டாலும் கல்யாணம் ஒன்றுதானே. அபராதம் ரொக்கத்தை வாங்கிய கடைக்காரருக்குத்தான், அதுவும் வாங்கிய ரொக்கம் எவ்வளவோ அவ்வளவு. 2,40,000 சாமான் விற்று 2,40,000 அபராதம்.

அவருக்கு அனுப்பியது: “ஐயா, முதல் 1,50,000 ரொக்கமாவே கொடுங்க, ரசீது தர்றேன். ரெண்டாவது 90,000 மட்டும் பேங்க் வழியா வரணுங்க. அக்கவுண்ட் பேயி செக்கோ, உங்க அக்கவுண்ட்ல இருந்து என் அக்கவுண்டுக்கு அனுப்பறதோ உங்க வசதி. ஒரு கல்யாணத்துக்கு ஒரே கடையில ரெண்டு லட்சம் ரொக்கம் ஆனா எனக்கு அபராதம் வரும், அதனாலதான் கேக்கறேன்.” கடைசி வாக்கியத்தை முதலில் எழுதவில்லை. சட்டத்தை எழுதியிருந்தேன், “விதிகளின்படி” என்று. டீச்சர் அம்மா ஞாபகம் வந்து அழித்துவிட்டு, எனக்கு என்ன கஷ்டம் என்பதை மட்டும் எழுதினேன். “அதுக்கென்னுங்க, பையனை போடச் சொல்றேன்” என்று பதில் வந்தது.

பணம் வந்த பிறகு அனுப்பும் பதிலையும் மாற்றிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் வந்தால் “அனுப்பினதைப் பாத்தேங்க, அக்கவுண்ட்ல ஏறினதும் சொல்றேன்” என்று மட்டும்தான். வங்கி ஆப்பைத் திறந்து வரவைப் பார்த்த பிறகு தொகை, தேதி, ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் வங்கி தரும் யுடிஆர் நம்பரின் கடைசி நாலு எண், இன்னும் பாக்கி எவ்வளவு என்று நாலு விஷயம் எழுதுகிறேன். பாக்கி இல்லை என்றால் “பாக்கி இல்லை” என்றும் எழுதுகிறேன். அது வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறது. போன மாதம் ஒருவர் அந்த மெசேஜைக் காட்டித்தான் வீட்டில் சண்டையைத் தீர்த்ததாகச் சொன்னார், என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை.

அந்த மில் சூப்பர்வைசர் 2024 டிசம்பரில் திரும்ப வந்தார், டைனிங் டேபிள் பார்க்க. மனசுக்குள் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அவருக்கும் இருந்திருக்கும், 477-ஐப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. ராத்திரி வழக்கம்போல மெசேஜ், இரண்டு தடவையாகக் கொடுக்கட்டுங்களா என்று. சாப்பிட்டு, கை கழுவி, உட்கார்ந்து எழுதினேன். டேபிள் இவ்வளவு, நாற்காலி இவ்வளவு, டேபிள் இப்போது வரும், நாற்காலிகளுக்கு 18,000 ஜனவரி 10 வெள்ளிக்கிழமை, பணம் ஏறியதும் மறுநாள் வண்டி. தேதி சரியா வருமா சொல்லுங்க.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. “எல்லாம் சரிங்ண்ணா. ஆனா வெள்ளிக்கிழமை எங்க வீட்ல காசு வெளிய குடுக்க மாட்டாங்க. வியாழக்கிழமையே போட்டுடறேன்.” ஜனவரி 9 வியாழன் என்று திருத்தி மறுபடி அனுப்பினேன்.